பெரியவர் வரிசையை நம்பி உற்சவத்துக்குக் கிளம்பாதீர்கள்

புரட்டாசி பிறந்தால் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் எந்தக் குடும்பக் குழுவைத் திறந்தாலும் அந்த வாட்ஸ்அப் தகவல் வந்து நிற்கும். திருமலையில் 65 வயது தாண்டியவர்களுக்குத் தினமும் இரண்டு வேளை இலவச தரிசனம், வயதுச் சான்றை கவுன்டரில் காட்டினால் போதும், படி ஏற வேண்டாம், சூடாகப் பால் தருவார்கள், அரை மணி நேரத்தில் சாமி பார்த்துவிடலாம் என்று. பல வருடமாகச் சுற்றுகிற செய்தி அது. அப்படி நேரில் போய் நிற்கிற முறை இப்போது இல்லை என்று திருப்பதி தேவஸ்தானமே பலமுறை மறுத்திருக்கிறது, ஆனால் மறுப்பை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒரு பிரம்மோற்சவ வாரத்தில் அப்பாவையும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். எங்களுக்கு 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட், பெரியவர்கள் இருவரையும் அங்கே போய்ப் பெரியவர் வரிசையில் விட்டுவிடலாம் என்பது திட்டம். "ஏம்பா, ஆதாரைக் காட்டினா விட்டுடுவாங்களாமே" என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே போன பிறகுதான் தெரிந்தது, உற்சவ நாட்களில் அந்த வரிசையே கிடையாது.

உற்சவ நாளில் அந்த வரிசையை நம்பிப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி, ரத சப்தமி மாதிரிப் பெருங்கூட்ட நாட்களில் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வரும் பெற்றோர் ஆகியோருக்கான சலுகை தரிசனங்களை தேவஸ்தானம் ரத்து செய்துவிடும். எந்த நாளில் வரிசை மிகவும் தேவையோ அந்த நாளில்தான் அது இருக்காது. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் காரணம் எளிது: மூலவரைப் பார்க்கும் இடம் ஒன்றுதான். எத்தனை வரிசை போட்டாலும் கடைசியில் எல்லாம் அந்த ஒரே வாசலில் சேர வேண்டும், தனி வரிசையை உள்ளே விடும் நேரமெல்லாம் பொது வரிசை நிற்கும். வாகன சேவையும் கூட்டமும் சேர்ந்த நாளில் அப்படி நிறுத்திவைக்க முடியாது. அதனால் வயதானவர்களுக்கு மூலவர் தரிசனம்தான் முக்கியம் என்றால் உற்சவத் தேதியை விட்டு விலகி ஒரு சாதாரண வார நாளைப் பிடியுங்கள். உற்சவம்தான் பார்க்க வேண்டும் என்றால் மாட வீதியில் வாகனத்தைப் பார்ப்பதோடு திருப்தி அடையத் தயாராகப் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் எழுபது வயது உடம்பு தாங்காது.

சரி, சாதாரண நாளில் எப்படி? முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 டிக்கெட், முழுக்க ஆன்லைனில், ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே. வழக்கமாக மாதத்தின் 23-ம் தேதி மதியம் 3 மணிக்குத் திறப்பார்கள், மறுநாள் காலை 10 மணிக்கு 300 ரூபாய் டிக்கெட். தேதி சில மாதம் தள்ளிப்போகும், `ttdevasthanams.ap.gov.in` தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரியில் `.ap.gov.in` இல்லாத எதிலும் பணம் கட்டாதீர்கள். கட்டணமே இல்லாத முதியோர் டிக்கெட்டுக்கு யாராவது காசு கேட்டால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும்.

இங்கேதான் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னொரு சிக்கல் வருகிறது. ஊரில் நிறையப் பேருக்கு ஆதாரில் உள்ள பிறந்த தேதி உண்மையான தேதி இல்லை. முகாமில் பதிந்தபோது "ஒரு அம்பது இருக்கும்" என்று சொன்னதை வைத்துப் போட்ட வருடம் அது. எங்கள் சின்னம்மாவுக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் 67, ஆதாரில் 63. உங்கள் வீட்டுக் கணக்கை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், அட்டையில் 65 ஆகியிருக்க வேண்டும். ஆகவே டிக்கெட் திறக்கும் நாளுக்கு முன்பே அட்டையை எடுத்துப் பாருங்கள், அன்றைக்கு மூன்று மணிக்குத் தேடாதீர்கள். அப்புறம், டிக்கெட்டில் பெயர் இல்லாத மகனோ மகளோ "துணைக்கு" என்று கூட நுழைய முடியாது. தனியாக நடக்க முடியாதவர் என்றால் துணைக்கு வருபவருக்கான விதியை பதிவு செய்யும்போதே படித்து, அவர் பெயரையும் அப்போதே சேருங்கள். பிறகு மாற்ற வழியில்லை.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைத் தப்பாகப் படிப்பதும் பரவலாக நடக்கிறது. மதியம் 12 என்று போட்டிருந்தால் 12 மணிக்கு சாமி தெரியும் என்று அர்த்தம் இல்லை, 12 மணிக்கு வரிசைக்குள் நுழைய வேண்டும் என்று அர்த்தம். அதன் பிறகு 300 ரூபாய் வரிசையிலேயே இரண்டு மூன்று மணி நேரம் சாதாரணம், கூட்டம் என்றால் இன்னும் கூடும். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு தேய்பிறை அஷ்டமிக்குப் போகிற பழக்கத்தில், விடிகாலையிலேயே போய் நின்றால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறோம். திருமலையில் முன்னால் போனால் உள்ளே விட மாட்டார்கள், வெயிலில் நிற்பதுதான் மிச்சம்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 12 மணி டிக்கெட் என்றால் 11 மணிக்கு மேலே இருக்க வேண்டும். மலைப்பாதை முக்கால் மணி நேரம், மலை அடிவாரத்து அலிபிரியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைச் சோதிப்பதற்குக் கூட்ட நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆக 9 மணிக்கு அலிபிரி. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, குடியாத்தம், சித்தூர் வழியாக, இடையில் பெரியவர்களுக்கு இரண்டு முறை நிறுத்தி ஐந்து மணி நேரம். விடிகாலை 4 மணிக்கு வண்டி கிளம்பினால் சரியாக இருக்கும். தருமபுரி என்றால் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால். இரவு எல்லாம் விழித்த பெரியவரை நேராக வரிசையில் நிறுத்துவதைவிட முந்தின நாளே போய்த் திருப்பதியில் தங்குவதுதான் எனக்கு நல்லதாகப் படுகிறது.

டிக்கெட் கிடைக்காவிட்டால் கீழே திருப்பதியில் விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம், பூதேவி வளாகத்தில் இலவச டோக்கன் தருவார்கள். ஒவ்வொருவரும் ஆதாரோடு நேரில் நிற்க வேண்டும். உற்சவ சமயத்தில் அந்த வரிசையில் பெரியவர்களை நிறுத்தாதீர்கள். 2025 ஜனவரி 8 இரவு வைகுண்ட வாசல் டோக்கனுக்காகத் திரண்ட நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள்.

கடைசியாக செல்போன். உள்ளே அனுமதி இல்லை, நுழையும் முன் ஒப்படைக்க வேண்டும். நாங்கள் அந்த வாரம் ஒருவழியாக அப்பாவையும் அம்மாவையும் பொது வரிசையில் விட்டோம், நாங்கள் வெளியே வந்து நாலு மணி நேரம் கழித்தும் அவர்களைக் காணவில்லை. அவர்கள் பத்திரமாக லட்டு வாங்கிக்கொண்டு வேறொரு பக்கம் எங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கையிலும் போன் இல்லை. இப்போதெல்லாம் தங்கும் அறை எண்ணையும் ஒரு போன் எண்ணையும் தாளில் எழுதி அம்மா முந்தானையில் முடிந்து அனுப்புகிறோம், கோயிலுக்கு எதிரே தேங்காய் உடைக்கும் அகிலாண்டத்தில் சந்திப்பது என்றும் முன்பே பேசிவிடுகிறோம்.