ரெக்ரஷன் அட்டவணையில் மார்க் போகும் இடங்கள்

"விளம்பரம் கூடினால் விற்பனை கூடும்." வடசேரியில் நான் மாலை வகுப்பு எடுக்கும் பி.காம்., எம்.பி.ஏ. மாணவர்களில் பாதிப் பேர் ரெக்ரஷன் அட்டவணையை விளக்கச் சொல்லும் ஐந்து மார்க் கேள்விக்கு இந்த ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அட்டவணையைப் பார்க்காமலே எழுதக்கூடிய வரி அது. திருத்துகிறவர் மார்க் போடுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. கணக்கு எல்லாம் எக்செல்லே போட்டுக் கொடுத்துவிட்ட பிறகு, வாக்கியம் எழுதத் தெரியாமல் மார்க்கை விடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வகுப்புக்காக நானே உருவாக்கிய ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். மார்த்தாண்டத்தில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடை. 30 வாரக் கணக்கு. சார்பு மாறி, வாரத்துக்கு விற்ற சிப்ஸ் (கிலோவில்). சாரா மாறிகள் இரண்டு: `Ad` என்பது அந்த வார விளம்பரச் செலவு, நூறு ரூபாய் கணக்கில், `Price` என்பது கிலோ விலை, ரூபாயில். விலை 340 முதல் 410 வரை இருந்தது.

```
R Square           0.52
Adjusted R Square  0.484
Observations       30
F 14.63    Significance F 4.97E-05

           Coefficients  Standard Error  t Stat  P-value
Intercept     212.4          70.4         3.02    0.0055
Ad              3.2           0.8         4.00    0.0004
Price          -0.30          0.18       -1.67    0.107
```

முதலில் 3.2. இதற்கு விளக்கம் எழுதும்போதுதான் அதிக மார்க் போகிறது. "விளம்பரம் ஒரு ரூபாய் கூடினால் விற்பனை 3.2 கூடும்" என்று எழுதுகிறார்கள். 3.2 என்ன? கிலோவா, ரூபாயா, சதவீதமா? ஒரு ரூபாய் என்பதும் தவறு, ஏனென்றால் `Ad` நூறு ரூபாய் கணக்கில் இருக்கிறது. கேள்வியின் முதல் பத்தியில் அலகு எழுதியிருக்கும். அட்டவணைக்குள் நுழையும் முன் அதைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். முழு மார்க் வாங்கும் வாக்கியம் இப்படி இருக்கும்: "கிலோ விலை மாறாமல் இருக்கும்போது, விளம்பரச் செலவு 100 ரூபாய் கூடினால் வார விற்பனை சராசரியாக 3.2 கிலோ கூடும் என மதிப்பிடப்படுகிறது."

அதில் "விலை மாறாமல் இருக்கும்போது" என்ற பகுதியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் விலையைக் குறைக்கும் வாரத்தில்தான் "ஆஃபர்" என்று நோட்டீசும் அடிப்பார். இரண்டும் சேர்ந்தே நடக்கும். இரண்டு மாறிகளையும் ஒன்றாகப் போட்டு ஓட்டியதால்தான் விலையின் பங்கைக் கழித்துவிட்டு விளம்பரத்தின் பங்கை மட்டும் 3.2 என்று சொல்ல முடிகிறது. "சராசரியாக" என்பதும் அதேபோல்தான். அடுத்த வாரம் 100 ரூபாய் கூட்டிச் செலவழித்தால் அந்த வாரமே 3.2 கிலோ கூடும் என்று அட்டவணை உறுதி தரவில்லை.

அப்புறம், 3.2-ஐயும் 0.30-ஐயும் பக்கத்தில் வைத்து "விளம்பரத்தின் தாக்கம் விலையைப்போல் பத்து மடங்குக்கு மேல்" என்று எழுதுவது. நூறு ரூபாய்க்குப் பதிலாக ரூபாயிலேயே விளம்பரச் செலவைப் பதிந்திருந்தால் அந்த 3.2 வெறும் 0.032 ஆகியிருக்கும். `t Stat` அப்போதும் அதே 4.00 தான். அலகு மாறினால் மாறிவிடும் எண்ணை வைத்து எது பெரியது என்று சொல்லக் கூடாது.

அடுத்து விலை. P-value 0.107, அதாவது 0.05-ஐவிடப் பெரியது. உடனே "விலைக்கும் விற்பனைக்கும் தொடர்பு இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. விலையின் கோஎஃபிஷியன்ட் உண்மையில் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டாலும், பூஜ்யத்திலிருந்து இவ்வளவு தூரமோ இதைவிடத் தூரமோ விலகிய மதிப்பு தற்செயலாக வர 10.7 சதவீத வாய்ப்பு உண்டு என்பதுதான் 0.107-இன் பொருள். இதை "இன்மைக் கருதுகோள் சரியாக இருக்க 10.7 சதவீத வாய்ப்பு" என்று திருப்பி எழுதுவதும் தவறு.

இதை 95 சதவீத நம்பிக்கை இடைவெளியாகப் போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். 27 கட்டின்மை எண்ணுக்கு t மதிப்பு 2.052. அதை 0.18-ஆல் பெருக்கினால் சுமார் 0.37. ஆக, இடைவெளி −0.67-லிருந்து 0.07 வரை. ஒரு ரூபாய் கூட்டினால் 0.67 கிலோ வரை விற்பனை விழலாம், ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். 30 வாரத் தரவு அதற்குமேல் பிரித்துச் சொல்லப் போதவில்லை. எனவே எழுத வேண்டியது: "5 சதவீத மட்டத்தில், விளம்பரச் செலவைக் கணக்கில் கொண்ட பிறகு, விலை விற்பனையைப் பாதிக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை."

`4.97E-05` பற்றி ஒரு வார்த்தை. இதை 4.97 என்று படித்து, "0.05-ஐவிடப் பெரியது, மாடலே பயன்படாது" என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். அது 0.0000497. இரண்டு மாறிகளில் குறைந்தது ஒன்றாவது விற்பனையோடு தொடர்புடையது என்பதற்கு வலுவான சான்று.

R Square 0.52 என்றால் மாடல் 52 சதவீதம் சரி என்று பொருளில்லை. வாரத்துக்கு வாரம் விற்பனையில் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் 52 சதவீதத்தை இந்த இரண்டு மாறிகளும் சேர்ந்து விளக்குகின்றன, அவ்வளவுதான். மாறிகளின் எண்ணிக்கை வேறுபடும் இரண்டு மாடல்களை ஒப்பிடச் சொன்னால் மட்டும் Adjusted-ஐ எடுங்கள். Intercept 212.4-க்கு, விளம்பரமும் விலையும் பூஜ்யமாக இருக்கும்போது மதிப்பிடப்படும் விற்பனை என்று எழுதிவிட்டு, விலை 340-க்குக் கீழே தரவே இல்லாததால் இதற்கு நடைமுறைப் பொருள் இல்லை என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டாவது வரிக்குத்தான் பெரும்பாலும் கடைசி மார்க்.

மிச்சம் இருப்பது "விளம்பரத்தால்" என்ற ஒரு சொல். "விளம்பரத்தால் விற்பனை கூடியது" என்று எழுதியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த 30 வாரத்தில் ஓணம் வந்ததா? நம் குமரி மாவட்டத்தில், அதிலும் மார்த்தாண்டம் பக்கம், ஓணத்துக்கு நேந்திரங்காய் உப்பேரி இல்லாத இலை உண்டா? அந்த வாரங்களில் கடைக்காரர் விளம்பரமும் கூடுதலாகச் செய்வார், சனமும் கூடுதலாக வாங்கும். ஓணத்துக்கு என்று அட்டவணையில் தனி மாறி இல்லாததால், அந்த விற்பனையும் விளம்பரத்தின் கணக்கில் ஏறி 3.2-க்குள் ஒளிந்திருக்கலாம். "இந்த மாடலின் குறைபாடு ஒன்றைக் கூறுக" என்று கேட்டால், ஓண வாரத்துக்கு 1, மற்ற வாரங்களுக்கு 0 என்று ஒரு டம்மி மாறி சேர்த்து மறுபடி ஓட்ட வேண்டும், அப்போது `Ad`-இன் கோஎஃபிஷியன்ட் குறைய வாய்ப்புண்டு என்று எழுதுங்கள்.