கடைக்குள் படம் பிடிக்க அனுமதிக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறும்படம் எடுக்கும் தம்பிகள் இரண்டு பேர் போன வாரம் ஒரு கடிதத்தைக் காட்டினார்கள். மளிகைக் கடை அண்ணாச்சிக்கு எழுதியது. "ஒரு மதியம் மட்டும் போதும் ஐயா" என்று இருந்தது. என் முதல் படத்துக்கு நானும் இதையேதான் எழுதினேன். தேதி, கையெழுத்து விடுபடுவதையெல்லாம் நீங்களே கவனித்துக்கொள்வீர்கள்.

படம் பிடிக்கும் நேரத்தை மட்டும் எழுதுவது

நான் கேட்டது 2 மணி முதல் 5 மணி வரை. 2 மணிக்குத்தான் வண்டியிலிருந்து லைட்டையே இறக்கினோம். எண்ணெய் டின்களை நகர்த்தி, ஒயர் இழுத்து, முதல் ஷாட் வைக்கும்போது மணி 3.20. 4.45-க்கு அண்ணாச்சி வாசலில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிட்டார். சாயங்கால வியாபாரம், அவர் மேல் தப்பே இல்லை. நான்கு ஷாட் மிச்சம். பத்து நாள் கழித்துப் போனால், நடிகருக்குப் பின்னால் தெரிந்த சோப்பு அடுக்கு இருந்த இடத்தில் அப்பளக் கட்டுகள். பழைய ஷாட்டோடு ஒட்டவே இல்லை. காட்சி முழுவதையும் மறுபடி எடுத்தோம், கேமரா வாடகையும் இரண்டாவது தடவை கொடுத்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 5 மணிக்குக் கடை அவர் கைக்குப் போக வேண்டுமென்றால், சாமானை எடுத்துப் பெருக்கிவிட முக்கால் மணி நேரம். ஆகவே 4.15-க்குக் கேமரா நிற்க வேண்டும். 1 மணிக்கு உள்ளே போனாலும் லைட் வைக்க ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். மிஞ்சுவது இரண்டு மணி நேரம்தான். அதில் எட்டு ஷாட் முடிந்தால் பெரிது. கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"1 மணிக்கு உள்ளே வருவோம். 4.15-க்குப் படப்பிடிப்பை நிறுத்துவோம். பொருட்களை இருந்த இடத்திலேயே வைத்து, பெருக்கி, 5 மணிக்குக் கடையை ஒப்படைப்போம்."

மாத முதல் வாரத்தைக் கேட்காதீர்கள், சம்பளம் வந்து மளிகை வாங்கும் நாட்கள் அவை. வெள்ளிக்கிழமையும் வேண்டாம், சாயங்காலம் கடையில் பூஜை இருக்கும்.

"சின்ன குழுதான்"

எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள்.

காட்சியைச் சொல்லாமல் விடுவது

கதையில் கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறார் என்றால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெயர்ப்பலகை படத்தில் தெரியுமா என்பதையும் சொல்லுங்கள். அது அவர் பிழைக்கும் இடம்.

வாடகைக் கடை

கட்டட உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை.

ஃப்ரிட்ஜ்

வசனம் பதிவாகும்போது ஃப்ரிட்ஜ் இரைச்சல் கூடவே பதிவாகும். அங்கே போனபிறகு நிறுத்தச் சொன்னால், ஐஸ்கிரீம் உருகிவிடும் என்று அவர் மறுப்பார். ஷாட் ஓடும் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்துவோம், சரக்கு கெட்டால் பணம் தருவோம் என்று முன்பே எழுதுங்கள். நிறுத்தியதும் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியை எடுக்கப் போனால், ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட வேண்டும் என்பது நினைவுக்கு வந்துவிடும்.