வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்துவது எப்படி? ஒரே தாளில் தொடங்கி ஒப்பந்தம் வரை

ஆள் வேண்டும் என்று நான்கு பேரிடம் சொல்லி வைப்பதற்கு முன், ஒரு தாளை எடுத்து, வரப்போகிறவர் செய்ய வேண்டிய ஒரு நாள் வேலையை மணிவாரியாக எழுதுங்கள். நேர்காணலில் கேட்கும் கேள்விகள், பழைய முதலாளியிடம் விசாரிக்கும் விஷயங்கள், ஒப்பந்தம், சோதனைக் காலம் எல்லாவற்றுக்கும் இந்தத் தாள்தான் அடிப்படை. இது இல்லாமல் தேடுகிறவர்கள் ‘நல்ல ஆள்’ ஒருவரைத் தேடுகிறார்கள். நல்லவராகவே இருந்தும் அந்த வேலை தெரியாத ஒருவர் வந்து சேர்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 74 வயது. சில மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் வலுவிழந்திருக்கின்றன. பேச்சு தடுமாறுகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு. மகள் வேலைக்குப் போகிறவர், காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஆள் தேவை.

முதல் படி: நாளை எழுதுங்கள்

‘அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதினால் போதாது. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எத்தனை முறை, கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவது, எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின் என்பதெல்லாம் தாளில் வர வேண்டும். படுத்திருக்கும் நேரத்தில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க விடக்கூடாது. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தால், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

எழுதி முடித்ததும் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, எது பராமரிப்பாளர் வேலை, எது செவிலியர் வேலை என்பது. ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது போன்றவை தாளில் இருந்தால், அதற்குப் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும். ‘பழகிக்கொள்வார்’ என்று விடக்கூடாது. மற்றொன்று, ஓய்வு. அம்மா மதியம் தூங்கும் ஒரு மணி நேரத்தைப் பலரும் பணியாளரின் ஓய்வு நேரம் என்று கணக்கு எழுதிவிடுகிறார்கள். அந்த நேரத்திலும் அவர் வீட்டை விட்டு நகர முடியாது என்றால் அது ஓய்வு அல்ல. அந்த ஒரு மணி நேரம் யார் இருப்பார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: நேரில் பார்த்துக் கேளுங்கள்

அடையாள அட்டையின் மூலப்பிரதியைக் கேட்டு வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவரிடம் சொல்லிவிட்டு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மூலப்பிரதியை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ‘பாதுகாப்புக்காக’ அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் தவறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை, பயண ஆவணமும் அடையாள ஆவணமும் பணியாளரிடமே இருக்க வேண்டும் என்கிறது.

பிறகு தாளிலுள்ள ஒரு வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அம்மாவை வைத்து அல்ல; மகளே கட்டிலில் உட்கார்ந்து, வலது பக்கம் வலுவில்லாதவர்போல் நடிக்க வேண்டும். வேலை தெரிந்தவர் நாற்காலியை வலுவான இடது பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக வைப்பார். சக்கரத்தின் பிரேக்கைப் பூட்டி, கால் வைக்கும் தட்டை விலக்குவார். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, இடுப்பிலோ முதுகிலோ பிடித்து எழுப்புவார். தெரியாதவர் நேராகக் கையைப் பிடித்து இழுப்பார். வலுவிழந்த தோளில் அப்படி இழுத்தால் மூட்டு நழுவிவிடக்கூடும். சான்றிதழ்களை எத்தனை முறை புரட்டினாலும் தெரியாதது இந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கூடவே ஒரு கேள்வி: “அம்மாவுக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, குழப்பமாகப் பேசினால் என்ன செய்வீர்கள்?” சர்க்கரை குறைந்திருக்கலாம் என்று யோசித்து, கருவியில் அளந்து பார்த்து, உடனே உங்களை அழைப்பதாகச் சொல்கிறவர் அறிந்தவர். மயக்கமாக இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. ‘தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பேன்’ என்றால், அதைக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு நேரமிருக்கிறதா என்று யோசியுங்கள்.

ஓட்டுநர் என்றாலும் இதே முறைதான்: உரிமத்தை வழங்கிய துறையிடம் சரிபார்த்துவிட்டு, நீங்கள் அன்றாடம் போகும் சாலையில் உங்களை உட்கார வைத்து ஓட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பழைய முதலாளியிடம் விசாரியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ‘ஆள் எப்படி?’, ‘நல்லவர்தான்’, ‘சரி, நன்றி.’ மறுமுனையில் பேசியது உண்மையான முதலாளியா, பணியாளரின் உறவினரா என்பதுகூட இதில் தெரியாது.

முதலில் பணியாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் யாரைப் பார்த்துக்கொண்டார், அவருக்கு என்ன நோய், எந்த மாதம் சேர்ந்தார், ஏன் விலகினார். பிறகு போனில் பேசும்போது இவற்றில் எதையும் நீங்களாகச் சொல்லாதீர்கள். அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

“வணக்கம் அம்மா, உங்கள் வீட்டில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிக் கேட்க வேண்டும். இரண்டு நிமிடம் பேசலாமா?”

“சொல்லுங்கள்.”

“அவர் உங்கள் வீட்டில் யாரைப் பார்த்துக்கொண்டார்?”

“என் மாமனாரை. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார்.”

“கட்டிலிலிருந்து எழுப்புவது எல்லாம் அவர் ஒருவரே செய்வாரா?”

“இல்லை, என் கணவரும் கூடப் பிடிப்பார். மாமா கொஞ்சம் கனமான உடம்பு.”

இப்படிப் பேசுகிறவர் அந்த வீட்டில் இருந்தவர். பொய்யான சிபாரிசுக்காரர் பாராட்டில் தாராளமாகவும் விவரத்தில் கஞ்சமாகவும் இருப்பார். மாமனாரின் நோயைக் கேட்டால் ‘வயசானவர்தானே’ என்று நழுவுவார்.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: “மறுபடியும் தேவைப்பட்டால் இவரையே கூப்பிடுவீர்களா?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நேரில் குறை சொல்லத் தயங்குகிறவர்கள்கூட இந்தக் கேள்விக்குத் தயங்குவார்கள், அந்தத் தயக்கமே பதில். முடிந்தால் கடைசி வீட்டோடு நிற்காமல் அதற்கு முந்திய வீட்டையும் அழையுங்கள். இப்போதைய முதலாளி, ஆளை அனுப்பிவிடும் அவசரத்தில் புகழவும் கூடும், விட மனமில்லாமல் குறை சொல்லவும் கூடும். முந்திய வீட்டாருக்கு அந்த நோக்கம் எதுவும் இல்லை.

காவல்துறைச் சான்று பெற வழியிருந்தால் பெறுங்கள். ஆனால் அது பதிவான குற்றங்களை மட்டுமே காட்டும். முரட்டுத்தனமும் அலட்சியமும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஏஜென்சி வழியாக வந்தவர் என்றால், ‘நாங்கள் சரிபார்த்துவிட்டோம்’ என்பதோடு விடாமல் யாரிடம் எதைச் சரிபார்த்தார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். அவர்களுடைய கட்டணம் பணியாளரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். மேற்சொன்ன உடன்படிக்கை அதைத் தடுக்கச் சொல்கிறது.

நான்காம் படி: தாளை ஒப்பந்தமாக்குங்கள்

முதல் படியில் எழுதிய தாளின் கீழே சேர்க்க வேண்டியவை கொஞ்சம்தான். இரு தரப்பின் பெயரும் முகவரியும், சேரும் தேதி, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் எப்படிக் கொடுக்கப்படும், கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு, வாரத்தில் எந்த நாள் விடுமுறை, விலகவோ விலக்கவோ எத்தனை நாள் முன்னறிவிப்பு. வார விடுமுறை தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது அந்த உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்ச அளவு. உங்கள் நாட்டுச் சட்டம் அதைவிட அதிகம் கொடுத்தால் சட்டத்தையே பின்பற்றுங்கள்.

செய்ய வேண்டாத வேலையையும் எழுதுவது நல்லது. ‘வீட்டார் அனைவருக்கும் சமையல் இல்லை, அம்மாவின் உணவும் துணியும் மட்டும்’ என்ற ஒரு வரி, மூன்றாம் மாதத்தில் வரும் மனக்கசப்பைத் தடுக்கும். பொதுவாகப் பணியாளர்கள் சண்டை போட்டு விலகுவதில்லை. வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஒரு நாள் காலையில் வராமல் இருந்துவிடுகிறார்கள். கேமரா இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். குளியலறையிலும் அவர் ஓய்வெடுக்கும் இடத்திலும் வைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: சோதனைக் காலம்

இரண்டு வாரம் வையுங்கள், முழுச் சம்பளத்தோடு. முதல் மூன்று நாள் மகள் விடுப்பு எடுத்துக் கூடவே இருக்கட்டும். அதற்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வெவ்வேறு நேரத்தில் வந்து பார்க்கலாம். வாராந்திர மாத்திரைப் பெட்டியை மகளே நிரப்ப வேண்டும். கொடுத்த நேரத்தைப் பணியாளர் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ரொக்கம் சிறு தொகையாகப் போதும். வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் அவர் கைக்குப் போகக் கூடாது. இது அவருக்கும் பாதுகாப்பு.

நம் எடுத்துக்காட்டில் அம்மாவால் நடந்ததைச் சொல்ல முடியாது. ஆகவே உடம்பைப் பார்க்க வேண்டும். தினமும் மாலையில் முதுகுத்தண்டின் அடிப்பகுதியையும் குதிகால்களையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். ஆம், இல்லை என்று தலையசைத்து அம்மா பதில் சொல்கிறார் என்றால், முதலில் விடை தெரிந்த ஒன்றைக் கேட்டு அந்தத் தலையசைப்பை நம்பலாமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு ‘வலிக்கிறதா?’, ‘இவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா?’ என்று பணியாளர் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

ஆறாம் நாள் மாலை அடி முதுகில் வெளுக்காத சிவப்பு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பேட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டியதாக இருக்கிறது. ஆனால் எல்லா வரிகளும் ஒரே மூச்சில் எழுதியதுபோல் ஒரே சாய்வில் இருக்கின்றன. குற்றம் சாட்டுவதற்குப் பதிலாக, “அக்கா, அம்மாவைப் புரட்டுவதை எனக்கு ஒரு முறை காட்டுங்கள்” என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்: ஒருவராகப் புரட்ட அவரால் முடியவில்லை, சொல்லத் தயங்கியிருக்கிறார். அம்மாவின் அடியில், உடம்பை எளிதாக நகர்த்த உதவும் வழுக்கலான நழுவு விரிப்பு ஒன்றைப் போட்டு, பிடிக்கும் முறையைச் செவிலியர் ஒருவரை அழைத்துக் காட்டச் சொல்லலாம். அன்றே சிவப்பைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘முடியாததை முடியாது என்று எழுதுங்கள், செய்ததாக எழுதாதீர்கள்’ என்பதைத் தாளில் சேர்த்துவிட்டு, சிவப்பு குறைகிறதா, குறிப்பேடு மாறுகிறதா என்று மீதி நாள்களைப் பாருங்கள்.

பேசித் தீர்க்கக் கூடாதவையும் உண்டு. மேல் கையில் விரல் பதிந்ததுபோன்ற கன்றல், அவர் அறைக்குள் வந்ததும் அம்மா சுருங்கிப்போவது, விழுந்ததை மறைப்பது. விழுவது யார் கையிலும் நடக்கலாம். அதனால் முதல் நாளே ‘விழுந்தால் உடனே சொல்லுங்கள், திட்டமாட்டோம்’ என்று சொல்லி வையுங்கள். அதன் பிறகும் மறைத்தால் சோதனைக் காலம் அன்றோடு முடிந்தது.

பதினான்காம் நாள் இருவரும் உட்கார்ந்து தாளை வரி வரியாகப் படியுங்கள். எது கடினம், எந்த நேரம் பொருந்தவில்லை என்று அவரையும் சொல்லவிடுங்கள். திருத்தி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் காரணத்தைச் சொல்லி, வேலை செய்த நாள்களுக்கான பணத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்கி, அவருடைய அடையாள அட்டை நகலை அவர் முன்னாலேயே கிழித்துப் போடுங்கள்.