பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விசா அட்டவணை போடுவது எப்படி?

விசாவுக்குத் தயாராகும் பலர் இன்றைய தேதியிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வாரம் படிவம், அடுத்த வாரம் பேங்க் ஸ்டேட்மென்ட், அதற்கடுத்து அப்பாயின்ட்மென்ட் என்று போகிறது. இப்படிப் போனால் நாம் தாமதமாகிவிட்டோமா இல்லையா என்பது கடைசி வாரம் வரை தெரியாது. விமானம் ஏறும் நாளை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னால் வந்தால் அது முதல் நாளே தெரிந்துவிடும்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரப்படும் ஷெங்கன் குறுகிய கால விசாவை எடுத்துக்கொள்வோம். அதன் கால வரம்புகள் தெளிவாக எழுதப்பட்டிருப்பதால் கற்றுக்கொள்ள வசதி. பயணம் 2026 அக்டோபர் 10 முதல் 24 வரை என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: இரண்டு வேலிகளை நடுங்கள்

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். பொதுவாகக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நம் கணக்கில் ஏப்ரல் 10 முன் வேலி, செப்டம்பர் 25 பின் வேலி.

பின் வேலியைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள்தான். அன்று கொடுத்தால் அக்டோபர் 10-க்குள் விசா கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

படி 2: பாஸ்போர்ட் எப்போது கையில் இருக்க வேண்டும்?

புறப்படும் நாளுக்கு 10 நாள் முன்பு, அதாவது செப்டம்பர் 30 அன்று விசாவோடு பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். விசா ஸ்டிக்கரில் பெயர், தேதிகள், எத்தனை முறை உள்ளே நுழையலாம் என்பதெல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும். பிழை இருந்தால் திருத்தவும் நாள் வேண்டும். இந்த 10 நாளை வேறு எதற்கும் கடன் கொடுக்காதீர்கள்.

படி 3: பரிசீலனைக் காலத்தைக் கழியுங்கள்

இங்கேதான் பெரும்பாலான அட்டவணைகள் உடைகின்றன. வழக்கமாக முடிவு சொல்ல 15 நாள். ஆனால் கூடுதல் ஆவணமோ விசாரணையோ தேவைப்பட்டால் அதை 45 நாள் வரை நீட்டிக்க விதியே இடம் தருகிறது. யாருடைய விண்ணப்பம் நீளும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் அட்டவணையில் 45-ஐயே போடுங்கள். சீக்கிரம் வந்தால் லாபம்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த நாட்கள் சனி, ஞாயிறு சேர்த்து எண்ணப்படுபவை. ஆனால் விசா மையத்திலிருந்து தூதரகத்துக்கு விண்ணப்பம் போவதும், பாஸ்போர்ட் கூரியரில் திரும்பி வருவதும் வேலை நாட்களில்தான் நடக்கும். இரண்டையும் ஒரே மாதிரி எண்ணக் கூடாது.

போவதற்கு 2 வேலை நாள், திரும்பி வர 5 வேலை நாள் என்று நான் வைத்துக்கொள்கிறேன். செப்டம்பர் 30-லிருந்து 5 வேலை நாள் பின்னால் போனால் செப்டம்பர் 23. அங்கிருந்து 45 நாள் பின்னால் ஆகஸ்ட் 9. அது ஞாயிற்றுக்கிழமை. இன்னும் 2 வேலை நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் 6, வியாழன். விசா மையத்தில் ஆவணம் கொடுத்துக் கைரேகை வைக்க வேண்டிய நாள் அதுதான்.

படி 4: அப்பாயின்ட்மென்ட் காத்திருப்பு

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. விண்ணப்பிக்கப்போகும் மையத்தின் முன்பதிவுப் பக்கத்தை இன்றே திறந்து, காலியாக இருக்கும் முதல் நாள் எது என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டில் எது அதிகக் காத்திருப்போ அதை எழுதுங்கள். விடுமுறைக் காலம் நெருங்கினால் அது இன்னும் நீளும். இங்கே 4 வாரம் என்று கொள்வோம். அப்படியானால் ஜூலை 9-க்குள் முன்பதிவு செய்தாக வேண்டும்.

முன்பதிவுக்குப் பெரும்பாலும் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். அப்படியானால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் ஜூலை 9-க்குள் புதியதை வாங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் புதுப்பித்தால் எண் மாறிவிடும். அதற்கு 8 வாரம் ஒதுக்கினால் மே 14 அன்று வேலை தொடங்க வேண்டும்.

புதுப்பிக்கத் தேவையா என்று எப்படித் தெரியும்? ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். நம் கணக்கில் 2027 ஜனவரி 24 வரை. கூடவே, கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், 2 காலிப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

படி 5: ஆவணங்களை இரண்டாகப் பிரியுங்கள்

கெட்டுப்போகாதவை ஒரு பக்கம்: பிறப்புச் சான்று, திருமணச் சான்று, அவற்றின் மொழிபெயர்ப்பு. வாங்க நாளாகும், ஆனால் வாங்கிவிட்டால் காத்திருக்கும். இவற்றை மே மாதமே தொடங்குங்கள்.

சீக்கிரம் பழசாகிவிடுபவை மறுபக்கம்: பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம். இவற்றுக்கு 'இதற்கு முன் எடுக்கக் கூடாது' என்ற தேதியும் வேண்டும். முதல் முறை நான் ஆர்வத்தில் ஸ்டேட்மென்ட்டை ஒன்றரை மாதம் முன்பே எடுத்து வைத்துவிட்டேன். கவுன்டரில் சமீபத்தியது வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், அன்று முழுக்க ஓட வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 6 அப்பாயின்ட்மென்ட் என்றால் ஜூலை 30-க்குப் பின் எடுங்கள்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாட்கள் முழுவதற்கும் இருக்க வேண்டும். தேதி மாறினால் இதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், அப்பாயின்ட்மென்ட் உறுதியான பிறகு வாங்கினால் போதும்.

படி 6: விரிதாளில் போடுங்கள்

A1-இல் பயண நாளை மட்டும் எழுதினால் மீதி தானே வரும்.

```
A1: 2026-10-10
A2: =A1-10
A3: =WORKDAY(A2,-5)
A4: =A3-45
A5: =WORKDAY(A4,-2)
A6: =A5-28
A7: =A6-56
A8: =EDATE(A1,-6)
```

A5 ஆவணம் கொடுக்கும் நாள், A6 முன்பதிவு செய்யும் நாள், A7 பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தொடங்கும் நாள், A8 முன் வேலி. WORKDAY-க்கு மூன்றாவதாக விடுமுறைப் பட்டியலைக் கொடுத்தால் அவற்றையும் தவிர்த்துவிடும். செல்களில் வெறும் எண் தெரிந்தால் அவற்றைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

A5-லிருந்து A2 வரை பாஸ்போர்ட் உங்களிடம் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் வேறு வெளிநாட்டுப் பயணம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: உண்மைத் தேதி வந்ததும் முன்னோக்கி எண்ணுங்கள்

முன்பதிவில் ஆகஸ்ட் 6 கிடைக்காமல் ஆகஸ்ட் 13 கிடைத்தது என்று வையுங்கள். ஒரு வாரம்தானே என்று விடக் கூடாது. 2 வேலை நாளில் ஆகஸ்ட் 17, அதிலிருந்து 45 நாளில் அக்டோபர் 1, இன்னும் 5 வேலை நாளில் அக்டோபர் 8. பின்னோக்கி எண்ணியபோது ஆகஸ்ட் 9 ஞாயிறாக இருந்ததால் ஒரு நாள் கூடி, ஒரு வாரத் தாமதம் 8 நாளாகி, 10 நாள் இடைவெளி 2 நாளாகிவிட்டது. இந்த நிலையில் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை வாங்க மாட்டேன். காலியாகும் இடங்களுக்காக முன்பதிவுப் பக்கத்தைத் தினமும் பார்ப்பேன். ஆகஸ்ட் 20 வரை எதுவும் கிடைக்காவிட்டால் பரிசீலனை நாளைக் குறைத்து எழுதிச் சமாளிக்க மாட்டேன், A1-இல் உள்ள தேதியையே தள்ளுவேன்.