நூறு நீளத்துக்கு மட்டும்

சேலத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை நேரத்தில் அளவைக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் கட்டட வேலையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். சென்ற வாரம் ஒரு பெண் தொட்டிக் கணக்கு ஒன்றைப் பலகையில் போட்டு, கடைசி வரியில் 24,000 லிட்டர் என்று எழுதினாள். எனக்குப் பகீரென்றது. பல ஆண்டுகளுக்கு முன் இதே எண்ணை நானும் எழுதியிருக்கிறேன், அதற்குப் பணமும் கட்டியிருக்கிறேன். அவளுடைய கணக்கு என் பழைய தொட்டியின் அளவுகள்தான். யாராவது அந்தக் குழியில் விழுகிறார்களா என்று பார்க்க நானே கொடுத்திருந்தேன்.

தொட்டிக் கணக்கில் அடிக்கடி வரும் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பெருக்கல் பிழை, எண்ணைப் பார்த்து எழுதும்போது வரும் பிழை இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே சரியாகிவிடும்.

நூறால் வகுத்துவிட்டு லிட்டர் என்று எழுதுவது

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குத் தொட்டி கட்டினோம். கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்ப வேண்டும். கோடைக்காலம், கிணற்றில் சேறுதான் இருந்தது. வரைபடத்தில் நீளம் 2.5 மீட்டர் என்று இருந்தது. அகலம் 120 சென்டிமீட்டர், உயரம் 80 சென்டிமீட்டர் என்று மேஸ்திரி சொன்னார். நான் எல்லாவற்றையும் சென்டிமீட்டராக்கினேன்.

250 × 120 × 80 = 24,00,000 கன சென்டிமீட்டர்.

இதுவரை சரி. அடுத்து, சென்டிமீட்டரிலிருந்து மேலே போனால் நூறால் வகுக்க வேண்டும் என்று கை தானாகவே பழகியிருந்தது. இரண்டு பூஜ்ஜியத்தை வெட்டினேன், 24,000 வந்தது. லிட்டர் என்று பக்கத்தில் எழுதி, 12,000 லிட்டர் லாரி இரண்டுக்குச் சொல்லிவிட்டேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இரண்டும் வந்து சேர்ந்தன. முதல் லாரியில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியதுமே தொட்டி வழிந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டு லாரிக்கும் முழு வாடகை கொடுத்தேன்.

பிழை எங்கே? நூறு என்பது ஒரு நீளத்துக்கு உரிய எண். ஒரு மீட்டர் பக்கமுள்ள பெட்டியில் நீளவாக்கில் நூறு, அகலவாக்கில் நூறு, உயரவாக்கில் நூறு என்று ஒரு சென்டிமீட்டர்க் கட்டிகள் அடங்கும். ஆகவே ஒரு கன மீட்டரில் 10,00,000 கன சென்டிமீட்டர். லிட்டர் என்பதோ பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள பெட்டி, அதாவது 10 × 10 × 10 = 1,000 கன சென்டிமீட்டர். என் தொட்டிக்கு வகுக்க வேண்டியது ஆயிரத்தால். விடை 2,400 லிட்டர்.

இப்போது நான் சென்டிமீட்டர்ப் பக்கமே போவதில்லை. பக்கங்களை டெசிமீட்டராக்கிவிடுகிறேன், அதாவது பத்து சென்டிமீட்டரை ஒன்றாக எண்ணுகிறேன். தொட்டி 25, 12, 8 ஆகிறது. 25 × 12 × 8 = 2,400, வந்த எண்ணே லிட்டர். வெட்டுவதற்குப் பூஜ்ஜியமே மிஞ்சுவதில்லை. உயரம் 83.5 சென்டிமீட்டர் என்றால் 8.35 என்று வைத்துக்கொள்ளலாம், வழி மாறாது.

காற்புள்ளியை நம்பி வெட்டுவது

24,00,000 கன சென்டிமீட்டர் எத்தனை கன மீட்டர் என்று கேட்டால், சிலர் இரண்டு காற்புள்ளிகளையும் தாண்டி வெட்டி 24 என்கிறார்கள். நம் லட்சக் கணக்கில் வலமிருந்து முதல் காற்புள்ளி மூன்று இலக்கத்துக்கு, அடுத்தது இரண்டு இலக்கத்துக்கு. அப்படி வெட்டினால் ஐந்து இலக்கம்தான் போகிறது. போக வேண்டியது ஆறு, விடை 2.4. சந்தேகம் வந்தால் தொட்டியை மனக்கண்ணால் பாருங்கள். ஒரு மீட்டர்ப் பெட்டிகள் இருபத்து நான்கு அதற்குள் நிற்குமா?

வெளியளவை எடுப்பது

சுவரும் தண்ணீராகிவிடும்.

அலகு எழுதாமல் வரி வரியாக இறங்குவது

நான் மதிப்பெண் போடுவதில்லை.

லிட்டரெல்லாம் கிலோ என்று நினைப்பது

தண்ணீருக்கு ஒரு லிட்டர் ஒரு கிலோ. வெப்பநிலையைப் பொறுத்துச் சற்றே குறையும், தொட்டி வேலைக்கு அது பொருட்டில்லை. என் தொட்டித் தண்ணீரின் எடை 2,400 கிலோ, அதாவது 2.4 டன். அடியில் தாங்கும் தளத்துக்கு இந்த எண்தான் வேண்டும். ஆனால் சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான், பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அன்று வகுப்பில் அதே தொட்டியை எண்ணெயால் நிரப்பச் சொன்னேன். பாதிப் பேர் மறுபடியும் 2,400 என்றே எழுதினார்கள். பலகைக்கு வந்த அந்தப் பெண் மட்டும், லிட்டரை 0.91-ஆல் பெருக்கி, 2,184 கிலோ என்று அலகோடு எழுதியிருந்தாள்.