தேர்தல் முடிவு நாளில் எத்தனை லாட்? பட்ஜெட், தேர்தல் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜூன் 3, திங்கள்கிழமை. சனிக்கிழமை மாலை வந்த எக்ஸிட் போல்கள் எல்லாம் ஆளும் கூட்டணிக்குப் பெரிய வெற்றி என்று சொல்லிவிட்டன. நிஃப்டி ஒரே நாளில் 733 புள்ளி ஏறி 23,264-ஐ ஒட்டி முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. அன்று 1,379 புள்ளி சரிந்து 21,884-இல் முடிந்தது. நடுவில் 21,281 வரைக்கும் போய் வந்தது. அதற்கடுத்த நாள் 736 புள்ளி ஏற்றம். வெள்ளிக்கிழமை ஜூன் 7 அன்று 23,290. அதாவது வாரம் முடியும்போது விலை திங்கள்கிழமை நின்ற இடத்துக்கே வந்துவிட்டது. நடுவில் பலருடைய கணக்குதான் காலியாகியிருந்தது.

அந்த வாரம் பணத்தை விட்டவர்களில் பலர் திசையைத் தப்பாகக் கணித்ததால் விடவில்லை. "கடைசியில் மார்க்கெட் மேலேதான் போகும்" என்று நினைத்தவர்களின் கணிப்பு நான்கே நாளில் பலித்துவிட்டது. ஆனால் வழக்கமாக எடுக்கும் அளவையே அந்த நாளிலும் எடுத்திருந்தார்கள். அதனால் அந்த நான்கு நாளைத் தாங்க முடியவில்லை. தேதி முன்கூட்டியே தெரிந்த அரசியல் நிகழ்வுகளில் நான் பார்த்த தவறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த அளவு விஷயத்தில் வந்துதான் முடிகின்றன.

விக்ஸை 16-ஆல் வகுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது

இந்தியா விக்ஸ் என்பது நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து எடுக்கப்படும் எண். அடுத்த 30 நாளில் எவ்வளவு ஆட்டத்தைச் சந்தை எதிர்பார்க்கிறது என்பதை ஆண்டுக் கணக்கில் சொல்லும். அதை ஒரு நாளுக்கு மாற்ற 16-ஆல் வகுப்பது வழக்கம். ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாள், அதன் வர்க்கமூலம் 16-க்குப் பக்கம், அவ்வளவுதான் விஷயம். ஜூன் 3 மாலை விக்ஸ் சுமார் 21. வகுத்தால் 1.3 சதவீதம், கிட்டத்தட்ட 300 புள்ளி. "நாளைக்கு 300 புள்ளி ஆடும், தாங்கிக்கொள்ளலாம்" என்று படுக்கப் போனவர்கள் உண்டு.

இதில் கணக்கு தப்பில்லை, கேட்ட கேள்விதான் தப்பு. விக்ஸ் சொல்வது 30 நாளின் கூட்டுச் சராசரி. அந்த 30 நாளில் ஏறக்குறைய 22 வர்த்தக நாள். அவற்றில் 21 சாதாரண நாள், ஒன்று மட்டும் முடிவு நாள். எதிர்பார்ப்பின் பெரும் பகுதி அந்த ஒரு நாளில்தான் குவிந்திருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். கால்குலேட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

விக்ஸ் எண்களை நேராகக் கூட்டிக் கழிக்க முடியாது, வர்க்கப்படுத்தித்தான் செய்ய வேண்டும். 21-இன் வர்க்கம் 441. 22 நாளுக்கு 9,702. தேர்தல் பரபரப்பு இல்லாவிட்டால் விக்ஸ் 14-இல் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதன் வர்க்கம் 196, 21 நாளுக்கு 4,116. கழித்தால் மிச்சம் 5,586. இது முழுவதும் அந்த ஒரு நாளுக்குச் சேர வேண்டியது. இதன் வர்க்கமூலம் சுமார் 75. இப்போது 16-ஆல் வகுத்தால் 4.7 சதவீதம். நிஃப்டி 23,264-இல் இருந்தபோது அது ஏறக்குறைய 1,090 புள்ளி.

ஆக, சந்தை முந்தின நாளே 300 அல்ல, ஆயிரத்துச் சொச்சம் புள்ளியைத்தான் விலையில் வைத்திருந்தது. அதைக்கூட உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மாதிரி எண் பாடப்புத்தகக் கணக்குப்படி மூன்றில் இரண்டு தடவைதான் எல்லைக்குள் அடங்கும், மூன்றாவது தடவை தாண்டிப் போகும். 1,379 என்பது தாண்டியதுதான், ஆனால் எங்கிருந்தோ திடீரென்று வந்த எண் இல்லை.

சாதாரண விக்ஸ் 14 என்பது என் ஊகம்தான். 13 என்று வைத்தால் விடை 4.9 சதவீதம், 15 என்றால் 4.4 சதவீதம். எதை வைத்தாலும் 1.3 வராது.

லாட்டைப் பாதியாக்கினால் போதும் என்று நினைப்பது

இதுதான் நல்ல ஒழுக்கமுள்ளவர்களையும் பிடிக்கும் தவறு. ஐந்து லட்சம் ரூபாய் மூலதனம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு டிரேடில் ஒரு சதவீதத்துக்கு மேல், அதாவது 5,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்பது அவர் விதி. நிஃப்டி ஃபியூச்சர்ஸில் 100 புள்ளி ஸ்டாப்லாஸ் வைப்பார். அப்போது லாட் அளவு 25, அதாவது ஒரு புள்ளிக்கு 25 ரூபாய். ஒரு லாட்டுக்கு 2,500 ரூபாய் போகும், ஆகவே இரண்டு லாட் எடுப்பார். நாளைக்கு ரிசல்ட் என்று தெரிந்ததும் அதை ஒரு லாட்டாகக் குறைக்கிறார்.

ஒரு லாட்டுக்கே எதிர்பார்க்கப்பட்ட ஆட்டம் 1,090 புள்ளி, பெருக்கினால் 27,250 ரூபாய். அவருடைய விதியைப் போல ஐந்தரை மடங்கு. நிஜமாக நடந்த 1,379 புள்ளிக்கு 34,475 ரூபாய். பயந்துபோய் 21,281-க்குப் பக்கத்தில் விற்றிருந்தால் ஐம்பதாயிரத்தைத் தொட்டிருக்கும், மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு. பாதியாக்கியும் இந்த நிலைமை.

கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். எத்தனை லாட் குறைக்கலாம் என்று தொடங்காமல், இழக்கச் சம்மதமான பணத்தை அந்த நாளின் எதிர்பார்க்கப்பட்ட ஆட்டத்தால் வகுங்கள். 5,000-ஐ 4.7 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 1,06,000 ரூபாய் மதிப்புள்ள நிஃப்டி. ஆட்டம் எதிர்பார்ப்பைப் போல இரண்டு மடங்கு வரலாம் என்று பார்த்தால் 53,000. ஒரு ஃபியூச்சர்ஸ் லாட்டின் மதிப்போ அன்றைக்கு 5,80,000-க்கு மேல். அப்படியானால் இவருக்கு ஃபியூச்சர்ஸில் விடை பூஜ்யம் லாட். பங்கு மாதிரியே வாங்கி விற்கும் நிஃப்டி இடிஎஃப் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஆப்ஷனில்தான் போவேன் என்றால் நஷ்டம் முன்கூட்டியே அடைபட்ட அமைப்பில் போக வேண்டும். உதாரணத்துக்கு 23,000 புட் வாங்கி 22,000 புட் விற்கும் ஸ்ப்ரெட். நிகரமாகக் கொடுத்த பிரீமியத்துக்கு மேல் போகாது. லாட் அளவு 25-ஆக இருந்தபோது ஒரு லாட்டுக்கு 200 புள்ளி பிரீமியம் என்றால் 5,000 ரூபாய், அதோடு கணக்கு மூடிவிடும். லாட் அளவு அதற்கப்புறம் மாறிவிட்டது, ஆகவே இன்றைய எண்ணைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

"ஸ்டாப்லாஸ்தான் இருக்கிறதே"

ஸ்டாப்லாஸ் என்பது ஒரு ஆர்டர், உத்தரவாதம் இல்லை. என்எஸ்இயில் ஆப்ஷன்களுக்கு, டிரிகர் ஆனதும் கிடைத்த விலையில் விற்றுவிடும் SL-M வகை 2021-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது SL மட்டும்தான். அதில் டிரிகர் விலை ஒன்று, லிமிட் விலை ஒன்று. கால் ஆப்ஷன் ஒன்றை 300-க்கு வாங்கி, 250 டிரிகர், 245 லிமிட் என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு சுற்று எண்ணிக்கை விவரம் டிவியில் வந்ததும் விலை 260-இலிருந்து நேராக 225-க்குத் தாவுகிறது. டிரிகர் ஆகிவிடும். ஆனால் உங்கள் ஆர்டர் 245-இல் விற்கக் காத்திருக்கும், அந்த விலையில் வாங்க ஆள் இருக்காது. திரையில் ஆர்டர் நிலுவையில் நிற்க, விலை 150-க்குப் போய்க்கொண்டிருக்கும். எனக்கு ஒரு தடவை இப்படி நின்றபோது புரோக்கர் ஆப்பும் சேர்ந்து உறைந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. லிமிட்டை டிரிகருக்கு மிகக் கீழே வைத்தால் ஆர்டர் நிறைவேற வாய்ப்பு கூடும், ஆனால் கிடைக்கும் விலை மோசமாக இருக்கும். அந்த மோசமான விலையை வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று, தேர்தல் முடிவு ஒரே நொடியில் வருவதில்லை. ஜூன் 4 அன்று சந்தை திறக்கும்போது இறக்கம் நூறு புள்ளிக்குள்தான். அதைப் பார்த்து "அவ்வளவுதானா" என்று வாங்கியவர்கள் அதிகம். காலை எட்டு மணிக்குத் தபால் வாக்கில் தொடங்கும் எண்ணிக்கை சுற்றுச் சுற்றாகப் போகும், விலையும் அதன் பின்னாலேயே போகும்.

பெரிய ஆட்டம் வரும் என்பதற்காகக் கால் ஆப்ஷனையும் புட் ஆப்ஷனையும் சேர்த்து வாங்குவது

எந்தப் பக்கம் போனாலும் லாபம் என்று ஸ்ட்ராடில் வாங்குவார்கள். பெரிய ஆட்டம் வரும் என்பது விற்பவருக்கும் தெரியும், அதைப் பிரீமியத்தில் சேர்த்துத்தான் விற்கிறார். 2024 ஜூலை 23 பட்ஜெட்டைப் பாருங்கள். குறுகியகால மூலதன ஆதாய வரி 15-இலிருந்து 20 சதவீதமானது, நீண்டகாலத்துக்கு 10-இலிருந்து 12.5, ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் பரிவர்த்தனை வரியும் கூடியது. சந்தைக்குப் பிடிக்காத செய்திகள்தான். நிஃப்டி 24,074 வரை இறங்கியது. ஆனால் முடிந்தது 24,479-இல், முந்தின நாளைவிட வெறும் 30 புள்ளி கீழே. விக்ஸோ அன்றே 13-க்குக் கீழே இறங்கிவிட்டது.

பட்ஜெட் உரைக்கு முன்னால் 24,500 காலும் புட்டும் சேர்த்து 400 புள்ளி என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நான் எடுத்த எண்). அன்றைய அடிமட்டத்தில்கூட புட்டின் உள்மதிப்பு 426 புள்ளிதான். சரியாக அந்த நிமிடத்தில் விற்றவருக்கு மட்டுமே ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சாயங்காலம் வரை வைத்திருந்தவருக்கு விலையும் திரும்பிவிட்டது, ஆட்ட எதிர்பார்ப்பும் வடிந்துவிட்டது, இரண்டு பக்கமும் ஒன்றாகத் தேய்ந்திருக்கும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு பிரீமியத்தையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையைவிட அதிகமாக நகரும் என்று நினைக்க உங்களிடம் காரணம் இருக்கிறதா?

இதைப் பார்த்துவிட்டு விற்பதுதான் புத்திசாலித்தனம் என்று எதிர்ப்பக்கம் போகிறவர்களுக்கு ஜூன் 4 இருக்கிறது. 1,379 புள்ளி நகர்ந்தது மட்டுமில்லை, விக்ஸ் ஏறியதால் புரோக்கரிடம் வைக்க வேண்டிய மார்ஜின் பணமும் நடுநாளில் ஏறும். பணம் போட முடியாதவரின் பொசிஷனை புரோக்கரே மோசமான விலையில் மூடிவிடுவார்.

எக்ஸிட் போலை முடிவாக எடுத்துக்கொண்டு அளவைக் கூட்டுவது

2024-இல் எக்ஸிட் போல் தவறியது, அதனால் நஷ்டம் என்று சொல்லிவிடலாம். 2019-ஐப் பாருங்கள். மே 19 மாலை எக்ஸிட் போல் வந்தது, மறுநாள் நிஃப்டி 421 புள்ளி ஏறி 11,828-இல் முடிந்தது. மே 23 அன்று கணிப்பு சரிதான் என்று ஊர்ஜிதமானது. நிஃப்டி முதல்முறையாக 12,000-ஐத் தாண்டியது. அன்று மாலை முடிந்தது எங்கே? 11,657. எக்ஸிட் போல் பலித்த தேர்தலிலும், அடுத்த நாள் முடிவு விலையில் வாங்கியவர் ரிசல்ட் அன்று மாலை நஷ்டத்தில்தான் இருந்தார். செய்தி முன்னாலேயே விலைக்குள் போய்விட்டால், சரியாக இருந்தால் கொஞ்சம்தான் கிடைக்கும், தவறினால் மொத்தமும் திரும்பிப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் நம்பிக்கை கூடியதற்காக லாட்டைக் கூட்டுவதற்குக் கணக்கில் எந்த ஆதாரமும் இல்லை.

நிகழ்வு முடிந்த மறுநாளே பழைய அளவுக்குத் திரும்புவதும் இதே வகைத் தவறுதான். 2024 ஜூன் 5 அன்று விக்ஸ் மளமளவென்று இறங்கி 19-ஐ ஒட்டி வந்தது, எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அன்றைக்கும் நிஃப்டி 3.4 சதவீதம் நகர்ந்தது, கூட்டணி ஆட்சி அமையுமா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. விக்ஸ் 14-க்குப் பக்கம் வந்து அடங்க ஜூன் நடுப்பகுதி ஆனது. நான் அதுவரை காத்திருந்துதான் இரண்டாவது லாட்டைத் திரும்ப எடுத்தேன்.