எட்டாவது வரியில் புதைந்திருந்த காரணம்

எங்கள் பில்லிங் செயலியின் அறிமுகப் பக்கத்தில் 11 வசதிகளை வரிசையாகப் போட்டிருந்தேன். பார்த்தவர்கள், "பெரிய நிறுவனத்தின் செயலியிலும் இதெல்லாம் இருக்கிறதே" என்று போய்விட்டார்கள். நியாயம்தான்.

அப்புறம், விடாமல் பயன்படுத்திய 9 பேரை அழைத்து, "நாளை இது நின்றுபோனால் எதற்குத் திண்டாடுவீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். 6 பேர் ஒன்றையே சொன்னார்கள்: இணையம் போனாலும் பில் போட முடிகிறது. அதை நான் எட்டாவது வரியில் வைத்திருந்தேன்!

போட்டிச் செயலிகளில் இணையத்தைத் துண்டித்துப் பார்த்தேன். எல்லாமே பில்லைச் சேமிக்கும்போது நின்றுபோயின. சர்வரை நம்பிக் கட்டியவை, சட்டென்று மாற்ற முடியாது. "இணையம் இல்லாவிட்டாலும் பில் நிற்காது" என்று தலைப்பை மாற்றி, மற்றதைக் கீழே தள்ளினேன். விசாரிப்பவர்கள் விலையை ஒப்பிடுவதை விட்டு, "எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இணையம் அறுபடாத இடத்தில் இருப்பவர்கள் மட்டும் இன்னும் வாங்குவதில்லை.